கோடையில் மழை பெய்யாத நாடுகளின் மரங்கள்

தமிழகத்தைப் போலவே குளிர்காலத்தையொட்டி மழை பெறும் நிலப்பகுதிகள் உலகில் வேறு சில உண்டு. ஆனால் அங்கெல்லாம் கோடை என்பது வெப்பம் மட்டுமல்ல. மே கடைசியில் நின்றுபோகும் மழை, செப்டம்பர் முடியும் வரை பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்பெயினின் தெற்குப் பகுதியிலும் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் துருக்கியின் மேற்குக் கரையிலும் துனிசியாவிலும் இதுதான் இயல்பான ஆண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவலாகக் காணப்படுவதால் இதற்கு மத்தியதரைக் காலநிலை என்று பெயர். அந்தக் கடலுக்கு வெகு தொலைவில் கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் சுற்றுப்புறம், ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும் என நான்கு இடங்களில் இதே காலநிலை நிலவுகிறது.

இந்த ஐந்து பகுதிகளும் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ ஏறத்தாழ 30 முதல் 45 பாகைக்குள், கண்டங்களின் மேற்கு, தென்மேற்கு ஓரங்களில் அமைந்திருப்பது தற்செயல் அல்ல. அந்த அட்சரேகைகளில் மேலிருந்து கீழே இறங்கும் காற்றால் உருவான உயர் அழுத்த மண்டலம் ஒன்று நிலைகொண்டிருக்கிறது. இறங்கும் காற்று சூடாகும், அதில் மேகம் திரளாது. கோடையில் சூரியனைத் தொடர்ந்து இந்த மண்டலம் துருவப் பக்கம் நகர்ந்து நிலத்தின் மேல் வந்து அமர்கிறது; மழை மேகங்களுக்கு வழி அடைபடுகிறது. குளிர்காலத்தில் அது நிலநடுக்கோட்டுப் பக்கம் விலகியதும், மேற்கிலிருந்து வீசும் காற்று கடலின் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. சூடான மாதங்களில் நீர் இல்லை, நீர் உள்ள மாதங்களில் சூடு இல்லை என்ற நிலை இப்படித்தான் ஏற்படுகிறது.

பயிருக்கு இது சிக்கலான ஏற்பாடு. வளர்வதற்கு வெப்பமும் நீரும் ஒருசேர வேண்டும். இவ்விரண்டும் கைகோக்கும் காலம் மார்ச் முதல் மே வரையும், பிறகு முதல் மழை விழும் அக்டோபரிலும் மட்டுமே. கோதுமையும் வாற்கோதுமையும் இலையுதிர்கால மழையில் முளைத்து, கோடை முற்றுவதற்குள் அறுவடையாகி, வறட்சியிலிருந்து தப்பித்துவிடுகின்றன. மரத்துக்கு அந்த வழி இல்லை. அது நின்ற இடத்திலேயே மூன்று நான்கு மழையற்ற மாதங்களைக் கடந்தாக வேண்டும்.

அதைக் கடக்க உதவுவது மண்ணில் தங்கும் நீர். குளிர்கால மழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: வெயில் மெலிந்திருக்கும் பருவத்தில் பெய்வதால் ஆவியாவது குறைவு, மண்ணுக்குள் இறங்குவது அதிகம். அதே 500 மில்லிமீட்டர் மழை கோடையில் பிரிந்து பிரிந்து பெய்தால் பெரும்பகுதி மேல்மண்ணிலிருந்தே வற்றிப்போகும். நல்ல மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, மரம் உறிஞ்சக்கூடிய நீராக ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை பிடித்துவைக்கும். தெற்கு ஸ்பெயினின் ஜூலை வெயிலில், நிலத்தை முழுதாக மூடிய பசுமை நாள் ஒன்றுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் நீரை வெளியேற்றக்கூடும். அப்படியானால் ஒரு மீட்டர் மண்ணின் சேமிப்பு மூன்று வாரங்களில் காலி. எனவே நிலத்தை முழுதாக மூடாமல் இருப்பதும், வேரை ஆழமாகவும் அகலமாகவும் ஓட்டுவதும், இலை வழியாகப் போகும் நீரைக் கட்டுப்படுத்துவதும்தான் இந்தக் காலநிலையில் பிழைக்கும் வழிகள். மூன்றையும் ஒருசேரக் கைக்கொண்ட மரம் ஆலிவ்.

ஆலிவ் இலை சிறியது, தடித்தது, தோல்போன்றது. மேற்புறத்தில் கனமான மெழுகுப் பூச்சு. அடிப்புறம் வெள்ளிபோல மின்னக் காரணம், அங்கே குடை விரித்ததுபோல் நெருங்கி அமர்ந்திருக்கும் நுண்ணிய செதில் முடிகள். இலைத்துளைகள் அனைத்தும் அந்த முடிகளுக்கு அடியில்தான் உள்ளன. வெளிக்காற்று நேராக மோதாததால் துளையருகே ஈரம் சற்றுத் தங்குகிறது. ஆகஸ்டு மாதம் வந்ததும் மரம் காலையில் சில மணி நேரம் மட்டும் துளைகளைத் திறந்து, வெயில் ஏறும்போது மூடிக்கொள்கிறது. புதுத் தளிர் நின்றுவிடும். காயின் தோல் சுருங்கத் தொடங்கும். பார்ப்பவருக்கு மரம் நோயுற்றதுபோல் தோன்றினாலும் அது உயிரோட்டத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கிறது. செப்டம்பர் அல்லது அக்டோபரில் முதல் மழை விழுந்த சில நாட்களில் சுருங்கிய காய்கள் மீண்டும் திரண்டுவிடும்.

மரத்தின் ஆண்டுக்கணக்கும் இந்த ஒழுங்குக்கு இசைந்தே ஓடுகிறது. மார்ச்சில் தளிர், மே மாதம் பூ, ஜூலையில் கொட்டை இறுகல், அதன்பின் சதைக்குள் எண்ணெய் சேர்தல், அக்டோபர் முதல் ஜனவரி வரை அறுவடை. நீர் அதிகம் தேவைப்படும் வேலைகளான தளிர்ப்பும் பூப்பும் ஈரமுள்ள வசந்தத்தில் முடிந்துவிடுகின்றன. எண்ணெய் சேரும் வேலை ஓரளவு வறட்சியிலும் நடக்கும். பூத்த பூக்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை காயானாலே நல்ல விளைச்சல் என்று விவசாயிகள் கொள்கிறார்கள். மகரந்தத்தைக் காற்றே கொண்டுசெல்வதால் பூச்சிகளை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இந்த மரத்தை எவ்வளவு குறைந்த மழையில் வளர்க்க முடியும் என்பதற்குத் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களே சிறந்த சான்று. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். சென்னையில் ஒரு நல்ல நவம்பர் வாரத்தில் பெய்துவிடும் அளவு. ஸ்ஃபாக்ஸ் விவசாயிகள் மரத்துக்கு மரம் 24 மீட்டர், அதாவது ஏறத்தாழ 80 அடி, இடைவெளி விடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 17 மரங்கள், ஏக்கருக்கு ஏழுதான். தமிழகத்தில் தென்னைக்கு 25 அடி விட்டு ஏக்கருக்கு 70 மரம் வைப்பதோடு ஒப்பிட்டால், வெறுமையாகத் தோன்றும் அந்த நிலத்தின் காரணம் கணக்கில் விளங்கும்.

24 மீட்டருக்கு 24 மீட்டர் என்றால் ஒரு மரத்தின் பங்கு நிலம் 576 சதுர மீட்டர். அதில் 200 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,15,200 லிட்டர். பாதி ஆவியாகிப் போனது என்று வைத்துக்கொண்டாலும் மரத்துக்கு ஆண்டு முழுவதும் நாளொன்றுக்குச் சராசரி 150 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே மழையில் தென்னை இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு மரத்தின் பங்கு 56 சதுர மீட்டர். அதே கணக்கில் நாளொன்றுக்கு 15 லிட்டர். முதல் மரம் காய்க்கும், இரண்டாவது பட்டுப்போகும். வெற்றிடம் போலத் தெரிவது உண்மையில் அந்த மரத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி. வேர்கள் பக்கவாட்டில் வெகுதூரம் ஓடி அந்த நிலம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்கின்றன.

ஸ்ஃபாக்ஸின் மண் மணற்பாங்கானது என்பதும் இதற்குத் துணை. நீர்வளம் மிகுந்த இடங்களில் மணல் ஏழை மண். மழை குறைந்த இடத்தில் நிலைமை தலைகீழ். களிமண்ணில் சிறுமழை மேலேயே தங்கி, வெடிப்புகள் வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் வற்றிவிடும். மணலில் அதே மழை வெயில் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மழைக்குப் பின் விவசாயிகள் மேலாக உழுது களையை அழித்து, மேல்மண்ணைப் பொடியாக வைத்துக்கொள்கிறார்கள். நம் மானாவாரி நிலங்களின் புழுதி உழவுக்கும் நோக்கம் இதுவே. களை எடுப்பதுதான் இதில் முக்கியமான பயன், ஏனென்றால் ஒவ்வொரு களையும் மரத்தின் பங்கிலிருந்து குடிக்கிறது. சரிவான நிலத்தில் மட்டும் இது ஆபத்து: மூடாக்கு இல்லாத மண் பெருமழையில் அடித்துச் செல்லப்படும். ஸ்பெயினின் ஹாயென் மாவட்ட மலைச்சரிவுகளில் இந்த இழப்பு பெரிது. அங்கே மழை 500 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் 10 முதல் 12 மீட்டர் இடைவெளியில் 6 கோடிக்கும் அதிகமான ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. இப்போது பலர் குளிர்காலத்தில் வரிசைகளுக்கு நடுவே புல்லை வளரவிட்டு, நீர்ப்போட்டி தொடங்கும் முன் வசந்தத்தில் அதை வெட்டிச் சாய்க்கிறார்கள். எப்போது வெட்டுவது என்பதில் இரண்டு வாரம் பிந்தினாலும் மண்ணீர் குறைந்துவிடும்.

இவ்வளவு வலுவான மரத்துக்கும் பலவீனங்கள் உண்டு. முதலாவது, ஓராண்டு அள்ளிக் கொடுத்து மறு ஆண்டு கைவிரிக்கும் பழக்கம். ஆலிவ் பூப்பது சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில். காய் நிறைந்த ஆண்டில் புதுக்குச்சி நீளாது. வளரும் விதைகளிலிருந்து செல்லும் சமிக்ஞையும் மறு ஆண்டுப் பூமொட்டு உருவாவதைத் தடுக்கிறது. கவாத்து செய்து கிளைகளைப் புதுப்பிப்பதும், காயை மரத்தில் அதிக நாள் விடாமல் பறிப்பதும் இதைத் தணிக்கும், முற்றிலும் போக்காது. இரண்டாவது, கடுங்குளிர். சுழியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் கிளைகளும் அடிமரமும் கருகத் தொடங்கும். 1956 பிப்ரவரியில் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் வந்த குளிரலை பல லட்சம் மரங்களைக் கொன்றது. ஜனவரி இதமாக இருந்ததால் மரங்களில் சாறு ஓடத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் இறங்கிய உறைபனி பட்டையைப் பிளந்தது. மண்ணுக்கு அடியிலிருந்த தூர் பிழைத்துக்கொண்ட இடங்களில் மட்டும் புதுத் தளிர்கள் எழுந்தன. இன்று அங்கே ஒரே தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளாக நிற்கும் மரங்கள் பல அவ்வாறு மீண்டவை.

மூன்றாவது பலவீனம் அண்மையில்தான் உலகம் முழுவதும் உணரப்பட்டது. கோடை வறட்சியைத் தாங்கும் மரம் வசந்தகால வெப்பத்தைத் தாங்குவதில்லை. 2022 மே மாதம், பூக்கும் நேரத்தில், ஸ்பெயினில் பருவம் தவறிய கடும் வெப்பம் அடித்தது. பூக்கள் கருகின. குளிர்கால மழையும் பொய்த்திருந்தது. முந்தைய ஆண்டு ஏறத்தாழ 15 லட்சம் டன்னாக இருந்த அந்நாட்டின் ஆலிவ் எண்ணெய் உற்பத்தி அந்தப் பருவத்தில் 7 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. அடுத்த ஆண்டும் மீளவில்லை. கடைகளில் எண்ணெய் விலை இரட்டிப்பானது.

ஆலிவ் பொறுத்துக் கடக்கிறது என்றால், பாதாம் முந்திக்கொண்டு கடக்கிறது. இலை விடுவதற்கு முன்பே, பிப்ரவரியில், சில இடங்களில் ஜனவரியிலேயே பூத்துவிடும் மரம் இது. மண் ஈரமாக இருக்கும்போதே பருப்பின் பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. ஜூலையில் மேல்தோல் வெடிக்கும். ஆகஸ்டில் அறுவடை. முந்திப் பூப்பதற்குக் கொடுக்கும் விலை உறைபனி: விரிந்த பூ சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகையில் செத்துவிடும். அதனால்தான் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பழைய பாதாம் தோட்டங்கள் பள்ளத்தாக்கின் அடியில் இல்லாமல் சரிவில் இருக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவை விட்டுக் கீழே வழிந்துவிடும். பூக்கும் வாரத்தில் மழை பெய்தாலும் தொல்லைதான். பெரும்பாலான ரகங்கள் வேறு ரகத்தின் மகரந்தம் வந்தால்தான் காய்க்கும், அதைக் கொண்டுவரும் தேனீ மழையிலும் குளிரிலும் பறக்காது.

இந்தியக் கடைகளில் விற்கும் பாதாமில் பெரும்பங்கு கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கே மரத்தைப் பொறி கொண்டு உலுக்கிக் காயைத் தரையில் உதிர்த்து, ஒரு வாரம் பத்து நாள் அங்கேயே காயவிட்டு, பிறகு கூட்டி அள்ளுகிறார்கள். கோடையில் மழை வராது என்ற உறுதி இருப்பதால் மட்டுமே நடக்கும் வேலை இது. ஆனால் தெற்கு ஐரோப்பாவின் மானாவாரிப் பாதாமுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பள்ளத்தாக்கின் நடுவேயுள்ள ஃப்ரெஸ்னோவில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே நெருக்கி நட்ட தோட்டங்களுக்கு ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவில் பாசனம் செய்கிறார்கள். மிகுதி நீர் மலைப்பனி உருகும் ஆறுகளிலிருந்தும் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்தும் வருகிறது. நிலத்தடி நீர் சரிந்து தரையே தாழ்ந்துபோனதால், 2014-ல் கலிபோர்னியா அரசு நிலத்தடி நீர் எடுப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. மானாவாரி மரம் தரும் விளைச்சலைப்போலப் பல மடங்கு இப்படி எடுக்க முடிகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விளைச்சல் காலநிலை தந்த நீரில் வந்ததல்ல.

வறண்ட கோடையின் நேரடிக் கொடை உலர்பழம். பழுக்கும் காலத்தில் மழை இருந்தால் பழத்தில் பூஞ்சை பிடிக்கும், வெடிக்கும். வெயிலில் உலர்த்தவே முடியாது. உலர்திராட்சைக்கும் உலர்ந்த அத்திக்கும் இந்தப் பகுதிகள் பேர்போனதற்குக் காரணம் இது. துருக்கியின் ஆய்டன் மாவட்டத்தில், பெரிய மெண்டெரஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் சீமை அத்தி உலகச் சந்தையில் முதலிடம் வகிக்கிறது. பழம் மரத்திலேயே பாதி காய்ந்து சுருங்கித் தானாக விழும். பொறுக்கி எடுத்துச் சில நாட்கள் வெயிலில் பரப்புவார்கள். செப்டம்பரில் தப்பித்தவறி ஒரு மழை வந்தால் பழம் வெடித்து, உள்ளே பூஞ்சை நச்சு உருவாகும் அபாயம் உண்டு.

அந்த அத்தி ரகத்துக்கு ஒரு விசித்திரமான தேவை இருக்கிறது. இஸ்மிர் நகரின் பழைய பெயரால் ஸ்மிர்னா அத்தி எனப்படும் இதன் பழத்துக்குள் பெண்பூக்கள் மட்டுமே உண்டு. மகரந்தம் வேறொரு மரமான காட்டத்தியிலிருந்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிறு குளவி வழியாக வர வேண்டும். குளவி காட்டத்தியின் காய்க்குள் பிறந்து, மகரந்தத்தைச் சுமந்து வெளியேறி, ஸ்மிர்னா காயின் வாய்த்துளைக்குள் நுழையும். அங்குள்ள பூக்களின் சூல்தண்டு நீளமானது; குளவியால் முட்டையிட முடியாது, ஆனால் மகரந்தம் படிந்துவிடும். படியாத காய் கோலிக்குண்டு அளவில் உதிர்ந்துவிடும். ஆய்டன் விவசாயிகள் பழங்காலம்தொட்டு ஜூன் மாதத்தில் காட்டத்திக் காய்களைக் கோத்துத் தங்கள் மரக்கிளைகளில் தொங்கவிட்டு வருகிறார்கள்.

1880-களில் கலிபோர்னியாவுக்கு ஸ்மிர்னா அத்திக் குச்சிகள் ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்யப்பட்டன. மரங்கள் செழித்தன, காய்கள் மட்டும் ஆண்டுதோறும் உதிர்ந்தன. தவறான ரகத்தைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள்; காய் கட்டும் வழக்கத்தைக் குடியானவர்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். ஃப்ரெஸ்னோவின் நாற்றங்கால் உரிமையாளர் ஜார்ஜ் ரோடிங் 1890-ல் காட்டத்தி மகரந்தத்தைக் கையாலேயே சில காய்களுக்குள் செலுத்திப் பார்த்தார். அந்தக் காய்கள் மட்டும் பழுத்தன. பிறகு அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் 1899-ல் ரோடிங்கின் தோட்டத்தில் நிலைபெற்றன. கலிபோர்னியாவின் பெயரையும் ஸ்மிர்னாவின் பெயரையும் இணைத்துக் காலிமிர்னா என்ற பெயரில் அந்த அத்தி விற்பனைக்கு வந்தது. காட்டத்திக் காய்களை அளவுக்கு மீறித் தொங்கவிட்டாலும் கேடுதான். ஒரே காய்க்குள் பல குளவிகள் புகுந்தால் அவற்றோடு வரும் பூஞ்சை பழத்தை உள்ளிருந்தே அழுக வைக்கும்.

ஆரஞ்சு இந்தப் பகுதிகளின் அடையாளமாகிவிட்டாலும் அது பிறவியிலேயே கோடை மழை பெறும் ஆசிய நிலத்து மரம். இலை உதிர்க்காது, கோடையில் நீர் கேட்கும். அதனால் ஆறும் வாய்க்காலும் உள்ள இடத்தில் மட்டுமே அது நிற்கிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் துரியா ஆற்று வாய்க்கால்களின் நீர்ப்பங்கீட்டு வழக்குகளை விவசாயிகளே தேர்ந்தெடுத்த நீர்மன்றம் இன்றும் வியாழக்கிழமைகளில் பேராலய வாசலில் கூடி விசாரிக்கிறது. மத்தியதரைக் குளிர்காலம் ஆரஞ்சுக்குத் தருவது நிறம்: இரவுக் குளிரில் தோலின் பச்சையம் சிதைந்தால்தான் செம்மஞ்சள் வெளிப்படும். நம் சமவெளிகளில் உள்ளே பழுத்த பழமும் வெளியே பச்சையாக இருப்பது அந்தக் குளிர் இல்லாததால்தான்.

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழகக் கடற்கரையில் ஆலிவையும் பிஸ்தாவையும் வளர்க்க முடியாததற்குக் காரணமும் மழை அல்ல, குளிரே. இந்த மரங்களின் பூமொட்டுகள் குளிர்காலத்தில் உறங்குகின்றன. 7 பாகைக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தது என்ற கணக்கு நிறைவேறினால்தான் விழிக்கின்றன. பாதாமுக்கு ஏறத்தாழ 300 முதல் 500 மணி நேரம் போதும், பிஸ்தாவுக்கு 700 மணி நேரத்துக்கு மேல் தேவை. ஆலிவும் குளிர் இல்லாமல் இலையாக வளருமே தவிர ஒழுங்காகப் பூக்காது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அந்தக் கணக்கு தொடங்குவதே இல்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஓரளவு குளிர் கிடைப்பதால் பேரிக்காயும் பிளம்ஸும் விளைகின்றன. ஆனால் அங்கே கோடையில் மழை உண்டு.

கலிபோர்னியாவிலேயே அந்தக் கணக்கு இப்போது தடுமாறுகிறது. 2014-15 குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்தது. பிஸ்தாவில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. மகரந்தம் காற்றில் செல்லும். குளிர் போதாததால் இரண்டும் வெவ்வேறு வாரங்களில் பூத்தன. அறுவடையில் ஓடு மட்டும் இருந்தது, உள்ளே பருப்பு இல்லை. மொத்த விளைச்சல் முந்தைய ஆண்டின் பாதி அளவுக்கு இறங்கியது. அதன் பின் தோட்டக்காரர்கள் குளிர்காலத்தில் இலையற்ற மரங்களின் மேல் வெள்ளைக் களிமண் கரைசலைத் தெளித்து, வெயிலைத் திருப்பி மொட்டுகளைக் குளிர்ச்சியாக வைக்கும் முறையைச் சோதித்தார்கள். புதிதாக நடுபவர்கள் பழைய கெர்மன் ரகத்துக்குப் பதிலாக, அதைவிடக் குறைந்த குளிரில் பூக்கும் கோல்டன் ஹில்ஸ் போன்ற ரகங்களை நாடுகிறார்கள். பிஸ்தா நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும், அதன் பின் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆகவே இன்று ரகம் தேர்ந்தெடுப்பவர், வரப்போகும் குளிர்காலங்களில் எத்தனை மணி நேரம் குளிர் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.